தங்கம் 15 சதவீதத்திலிருந்து 23க்குப் போய்விட்டது: விற்றுச் சமன் செய்வதா, விட்டுவிடுவதா?

நொய்யல்கரை | 4 ஜனவரி 2026

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. 2024 ஜனவரியில் ஊர் நிலம் விற்றதில் என் பங்காக ஐந்து லட்சம் வந்தது. அதை மூன்றாகப் பிரித்துப் போட்டேன். நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் 3,00,000, டெப்ட் ஃபண்டில் 1,25,000, தங்க ஈடிஎஃப்பில் 75,000. அதாவது 60, 25, 15. வருஷத்துக்கு ஒரு தடவை ஜனவரி முதல் வாரத்தில் பார்த்து, விகிதம் மாறியிருந்தால் சரி செய்வது என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

அதற்குப் பிறகு வீடு கட்ட ஆரம்பித்ததால் புதிதாக ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. போன ஜனவரியில் பார்க்கவும் மறந்துவிட்டேன். நேற்று பார்த்தேன்:

இண்டெக்ஸ் ஃபண்ட் 3,66,000
டெப்ட் ஃபண்ட் 1,43,000
தங்கம் 1,55,000
மொத்தம் 6,64,000

தங்கம் 23.3 சதவீதம் ஆகிவிட்டது. பங்கு 55க்கு இறங்கிவிட்டது. 15 சதவீதம் என்றால் 99,600தான் தங்கத்தில் இருக்க வேண்டும், அப்படியானால் 55,400 விற்க வேண்டும். கை வரவில்லை. மூன்றில் நன்றாக ஓடியது இதுதான். இந்த மாதத்திலிருந்து மாதம் 8,000 சேமிக்க முடியும். என்ன செய்யலாம்?

---

கொங்குத்தென்றல் | 4 ஜனவரி 2026

யோசிக்கவே வேண்டாம் நண்பா. ரீபேலன்ஸ் பண்றவங்களுக்குத்தான் லாபம் கூட வரும், விலை ஏறினதை வித்து இறங்கினதை வாங்கறோம் இல்லையா. 55,400 முழுசா வித்துடுங்க. வருஷத்துக்கு 1.25 லட்சம் வரைக்கும் நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை, உங்க லாபம் அதுக்குள்ளதான் வரும். இன்னும் சுலபமா வேணும்னா அதே ஃபண்ட் ஹவுஸ்ல இண்டெக்ஸ் ஃபண்டுக்கு ஸ்விட்ச் போட்டுடுங்க. பணம் பேங்குக்கு வராததால வரிப் பேச்சே வராது.

---

மீனாட்சி_மதுரை | 4 ஜனவரி 2026

எனக்கும் இதே சந்தேகம்தான். எங்க வீட்டில 22 சவரன் நகை இருக்கு. 2024 ஆரம்பத்தில சவரன் 47,000 பக்கம் இருந்தது, இப்ப லட்சத்துக்குப் பக்கத்தில நிக்குது. பேங்க் டெபாசிட் மூணு லட்சம், அவ்வளவுதான் மற்றது. அப்படிப் பார்த்தா என் சொத்தில தங்கம் 85 சதவீதத்துக்கு மேல. நானும் நகையை வித்துப் பங்கில போடணுமா? வீட்டுக்காரர் கேட்டா சண்டைதான்.

---

பேரேடு | 4 ஜனவரி 2026

மீனாட்சி அம்மா, நீங்கள் போட்டுக்கொள்கிற நகையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நகையை விற்கப் போனால் கடைக்காரர் எடைக்குத்தான் விலை போடுவார். வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எதுவும் திரும்பி வராது. அழுக்கு, கல் என்று எடையிலும் கழிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் விகிதம் பார்த்து விற்று வாங்குகிற பொருள் அது இல்லை. ஒன்று மட்டும் செய்யலாம். நகை இவ்வளவு இருப்பதால் இனி வரும் சேமிப்பில் தங்கத்தைச் சேர்க்காமல் விடலாம். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நொய்யல்கரை தம்பி, உங்களுக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. நீங்கள் ஈடிஎஃப் என்கிறீர்கள். அது டீமேட் கணக்கில் இருக்கிறதா, ஃபோலியோ எண்ணோடு ஃபண்ட் ஸ்டேட்மெண்டில் இருக்கிறதா? எந்தத் தேதியில் வாங்கினீர்கள்? இந்த இரண்டும் தெரியாமல் எவ்வளவு விற்பது என்று பேசிப் பயனில்லை.

---

நொய்யல்கரை | 4 ஜனவரி 2026

ஐயா, எனக்கு டீமேட் கணக்கே கிடையாது. ஸ்டேட்மெண்டை இப்போதுதான் சரியாகப் படித்தேன். "கோல்டு ஃபண்ட்" என்றுதான் இருக்கிறது, ஃபோலியோ எண் இருக்கிறது. அதற்குள்ளே ஈடிஎஃப் வாங்குவார்கள் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நான் ஈடிஎஃப் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்கிய தேதி 12 ஜனவரி 2024. ஒரே தவணை.

---

பேரேடு | 5 ஜனவரி 2026

நல்ல வேளை கேட்டோம். இந்த வாரம் விற்காதீர்கள்.

தங்க ஈடிஎஃப் சந்தையில் பட்டியலிடப்பட்டது, அதனால் 12 மாதம் தாண்டினால் நீண்டகாலம். தங்க ஃபண்ட் அப்படிப் பட்டியலிடப்பட்டதில்லை. அதற்கு 24 மாதம் தாண்ட வேண்டும். உங்களுக்கு 24 மாதம் ஜனவரி 12ஆம் தேதி முடிகிறது. 13ஆம் தேதிக்குப் பிறகு விற்றால் லாபத்தில் 12.5 சதவீத வரி. இன்று விற்றால் அந்த லாபம் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து, நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்களோ அந்த விகிதத்தில் வரி விழும். எட்டு நாள் காத்திருப்பதற்கு நல்ல கூலி.

கொங்குத்தென்றல் தம்பி சொன்னதில் இரண்டு இடம் சரியில்லை. 1.25 லட்சம் விலக்கு பங்குகளுக்கும் பங்கு சார்ந்த ஃபண்டுகளுக்கும் மட்டும். தங்கத்தில் ஃபண்டாக இருந்தாலும் ஈடிஎஃப்பாக இருந்தாலும் முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு. இன்னொன்று, ஸ்விட்ச் என்பது ஒரு ஃபண்டில் விற்று இன்னொன்றில் வாங்குவதுதான். பணம் உங்கள் பேங்கைத் தொடாவிட்டாலும் வருமான வரிக் கணக்கில் அது விற்பனை. ஸ்விட்ச் போட்டுவிட்டு ரிட்டர்னில் காட்டாமல் விட்டு, பிறகு நோட்டீஸ் வந்து அலைந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த விற்பனை விவரம் ஃபண்ட் கம்பெனி வழியாகத் துறைக்குப் போய்விடுகிறது.

---

கொங்குத்தென்றல் | 5 ஜனவரி 2026

ஸ்விட்ச் விஷயம் எனக்குப் புதுசு சார், திருத்தினதுக்கு நன்றி. நான் போன வருஷம் பங்கு ஃபண்டிலிருந்து எடுத்தேன், வரி வரல. அதே நினைப்புல தங்கத்துக்கும் சொல்லிட்டேன். ஆனா ரீபேலன்ஸ் பண்ணா லாபம் கூடும்ங்கறது சரிதானே?

---

வைகறை | 5 ஜனவரி 2026

அதுவும் சரியில்லை என்பேன். நொய்யல்கரை போன ஜனவரியில் பார்க்க மறந்ததால்தான் இன்று 1,55,000 கையில் இருக்கிறது. பார்த்திருந்தால் அப்போதே விற்றிருப்பார், 2025இன் ஏற்றம் முழுவதும் போயிருக்கும். ஏன் ஓடுகிற குதிரையை விட்டு இறங்க வேண்டும்? மத்திய வங்கிகளே டன் கணக்கில் தங்கம் வாங்குகின்றன. 2024இல் அவர் எழுதிய 15 என்பது அன்றைய உலகத்துக்கு எழுதியது. இன்று இலக்கையே 25 ஆக்கிவிட்டால் விற்க வேண்டிய தேவையே வராது.

---

பேரேடு | 5 ஜனவரி 2026

வைகறை கேட்டது நியாயமான கேள்வி. போன ஜனவரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அன்றைய விலையில் இவருடைய தங்கம் ஏறக்குறைய 89,000 இருந்திருக்கும். இண்டெக்ஸ் ஃபண்ட் 3,30,000, டெப்ட் 1,34,000. மொத்தம் 5,53,000. தங்கம் 16 சதவீதம். 15க்கும் 16க்கும் உள்ள ஒரு புள்ளிக்காக யாரும் விற்க வேண்டியதில்லை. நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவந்தது, தங்கம் இலக்கிலிருந்து ஐந்து புள்ளி மேலோ கீழோ போனால் மட்டும் கை வை என்று. 15 என்றால் 10க்கும் 20க்கும் நடுவில் இருக்கும்வரை நோட்டில் குறித்துவிட்டு மூடிவிடலாம். ஆக, இவர் ஒழுங்காகப் பார்த்திருந்தாலும் 2025 ஜனவரியில் ஒன்றும் விற்றிருக்க மாட்டார். மறதி சம்பாதித்துக் கொடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்ப்பது, எல்லை தாண்டினால்தான் தொடுவது என்ற இரண்டு பழக்கமும் சேர்ந்தால் ஏறுகிற பொருளுக்கு ஓட இடம் கிடைக்கிறது.

லாபம் கூடுமா என்றால், கூடலாம், கூடாமலும் போகலாம். ஒரு பொருள் ஏழெட்டு வருஷம் விடாமல் ஏறினால், வருஷா வருஷம் அதை விற்றவர் விற்காதவரைவிடக் குறைவாகத்தான் வைத்திருப்பார். இதைச் செய்வது லாபத்துக்காக இல்லை, விழும்போது எவ்வளவு அடி விழும் என்பதை நம் கையில் வைத்துக்கொள்ள.

தங்கம் விழாது என்று இப்போது எல்லாருக்கும் தோன்றுகிறது. 2012இல் 10 கிராம் 31,000 அளவில் இருந்தது. 2018இலும் 31,000 அளவில்தான் இருந்தது. ஆறு வருஷம். நடுவில் 2013இல் ஏப்ரல் மாதம் இரண்டே நாளில் உலகச் சந்தையில் சரிந்தபோது என் கிளைக்கு வந்தவர்கள் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. இன்றைக்கு இருக்கிற 1,55,000இல் 30 சதவீதம் போனால் 46,500 போகும், மொத்தச் சேமிப்பில் ஏழு சதவீதம். 15 சதவீத அளவில் 99,600 வைத்திருந்தால் போவது 30,000க்குள். அந்தப் பதினாறாயிரத்துச் சொச்சம்தான் இவர் இப்போது முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

இலக்கை 25 ஆக்குவது பற்றி: ஆக்கலாம், தப்பே இல்லை. ஆனால் விலை இரண்டு மடங்கு ஆன பிறகு ஆக்குகிறீர்கள். 2024 ஜனவரியில் இதே மனிதரிடம் 25 சொல்லியிருந்தால் சம்மதித்திருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

---

வைகறை | 5 ஜனவரி 2026

16 சதவீதக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இலக்கு விஷயத்தில் எனக்கு மாறுபட்ட கருத்துதான். புதுச் செய்தி வந்தால் திட்டம் மாறலாம். ரூபாயும் தொடர்ந்து இறங்குகிறது.

---

பேரேடு | 6 ஜனவரி 2026

சரி, செய்கிற வழிக்கு வருவோம். நொய்யல்கரைக்கு மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, முழுதாக 15க்குக் கொண்டுவருவது. 55,400 விற்க வேண்டும். நீங்கள் போட்ட 75,000 இன்று 1,55,000 என்பதால், விற்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 48 ரூபாய் நீங்கள் போட்ட முதல், 52 ரூபாய் லாபம். ஆக லாபம் சுமார் 28,600. அதற்கு 12.5 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 3,717 வரி. முழுத் தொகைக்கும் வரி என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை.

இரண்டாவது, ஒன்றும் விற்காமல் புதுப் பணத்தாலேயே நிரப்புவது. வரி இல்லாததால் எல்லாருக்கும் பிடித்த வழி. ஆனால் 1,55,000 என்பது 15 சதவீதம் ஆக மொத்தம் 10,33,000 இருக்க வேண்டும், அதாவது இன்னும் 3,69,000 போட வேண்டும். மாதம் 8,000 என்றால் 46 மாதம். நாலு வருஷம் தங்கம் அசையாமல் நிற்கும் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. மாதாமாதம் பெரிய தொகை போடுகிறவருக்கும், சேமிப்பு இன்னும் சின்னதாக இருக்கிறவருக்கும் இது நன்றாக வேலை செய்யும். சேமிப்பு வளர வளரப் புதுப் பணத்துக்கு அந்த வலு இருக்காது.

மூன்றாவது, நான் செய்யக்கூடியது. எல்லையான 20 சதவீதம் வரை மட்டும் விற்பது. இன்றைய கணக்கில் 22,200. லாபம் 11,458, வரி 1,490. விற்ற பணத்தை இண்டெக்ஸ் ஃபண்டில் போடுங்கள். பிறகு மாதம் 8,000ஐ ஒரு வருஷத்துக்குத் தங்கத்தில் போடாமல் மற்ற இரண்டிலும் பிரித்துப் போடுங்கள். விலை எதுவும் மாறாவிட்டால் அடுத்த ஜனவரியில் தங்கம் பதினேழரை சதவீதத்தில் வந்து நிற்கும். எல்லைக்குள் வந்துவிடும், வரியும் பாதிக்குக் கீழ்.

டெப்ட் ஃபண்ட் பக்கம் எதையும் விற்காதீர்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியது, எத்தனை வருஷம் வைத்திருந்தாலும் லாபம் சம்பள வரிப் படியில்தான் போகும்.

---

கீழவீதி | 6 ஜனவரி 2026

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், விற்கக் கை வரவில்லை என்று நொய்யல்கரை எழுதியது என்னைத் தொட்டது. என்னிடம் ஒரே ஒரு பங்கு, 40,000 போட்டது, மூன்று லட்சத்துக்கு மேல் போனது. மொத்தச் சேமிப்பில் அறுபது சதவீதம் அதுதான். ஒவ்வொரு ஞாயிறும் விற்கலாம் என்று உட்கார்வேன், திங்கள் காலை ஏறியிருக்கும், விட்டுவிடுவேன். பிறகு இறங்க ஆரம்பித்தபோது, பழைய விலை வந்ததும் விற்கலாம் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. ஒரு லட்சத்துக்கு விற்று வெளியே வந்தேன். லாபம்தான், இருந்தாலும் தங்கையின் படிப்புக்கு வைத்திருந்த பணம் அது. யாராவது ஒருவர் எனக்கு ஒரு தேதியும் ஒரு எண்ணும் எழுதிக் கொடுத்திருந்தால் போதும் என்று இன்றும் நினைக்கிறேன்.

தங்கமும் ஒற்றைப் பங்கும் ஒன்றில்லை என்று தெரியும். ஆனால் கை நடுங்குவது ஒன்றுதான்.

---

மீனாட்சி_மதுரை | 6 ஜனவரி 2026

பேரேடு ஐயா, நகையைக் கணக்கில சேர்க்காதேன்னு சொன்னீங்க, மனசு லேசாச்சு. ஆனா இதில எட்டு சவரன் காசா லாக்கர்ல கிடக்கு, பொண்ணுக்கு. அது நகையா, சேமிப்பா? அவளுக்கு இப்ப பதினொண்ணு.

---

பேரேடு | 7 ஜனவரி 2026

காசாக இருந்தால் சேமிப்புதான் அம்மா. ஆனால் அது எதற்கு என்று ஏற்கனவே முடிவாகிவிட்டது. பெண்ணுக்குத் தங்கமாகவே கொடுக்கப் போகிறீர்கள் என்றால் விலை ஏறினாலும் இறங்கினாலும் எட்டு சவரன் எட்டு சவரன்தான். அதை விற்றுப் பங்கு வாங்கி, பத்து வருஷம் கழித்து மறுபடி தங்கம் வாங்கினால், இரண்டு தடவை கழிவும் வரியும் கொடுப்பீர்கள். அவள் படிப்புச் செலவுக்கு என்றால் கதை வேறு, அப்போது வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

---

கொங்குத்தென்றல் | 7 ஜனவரி 2026

சார், ஒரு சந்தேகம். பாதியை மார்ச் கடைசியில, பாதியை ஏப்ரல்ல வித்தா ரெண்டு நிதியாண்டுக்குப் பிரியுமே, வரி குறையாதா?

---

பேரேடு | 7 ஜனவரி 2026

பங்கு ஃபண்டுக்கு அது நல்ல யோசனை, 1.25 லட்சம் விலக்கு இரண்டு தடவை கிடைக்கும். தங்கத்துக்கு விலக்கே இல்லாததால் எப்படிப் பிரித்தாலும் அதே 12.5தான்.

---

நொய்யல்கரை | 19 ஜனவரி 2026

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்து இன்று காலை செய்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன், அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

காத்திருந்த இரண்டு வாரத்தில் தங்கம் இன்னும் ஏறி 1,64,000 ஆனது. நிஃப்டி இறங்கியதால் இண்டெக்ஸ் ஃபண்ட் 3,57,000. டெப்ட் 1,43,400. விசேஷம் என்னவென்றால், மொத்தம் கிட்டத்தட்ட பழைய 6,64,000தான். உள்ளே மட்டும் இடம் மாறியிருக்கிறது. தங்கம் 24.7 சதவீதம். அதனால் பேரேடு ஐயா சொன்ன 22,200 போதவில்லை. 20 சதவீதத்துக்குக் கொண்டுவர 31,000 விற்க வேண்டியிருந்தது. ஏறிக்கொண்டிருக்கிறதே, இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமே என்று உண்மையாகவே தோன்றியது. கீழவீதி எழுதியதை இன்னொரு முறை படித்துவிட்டு, மூன்று மணிக்கு முன்பே விற்பனையைப் பதிவு செய்தேன். அன்றைய என்ஏவியே கிடைக்க வேண்டும் என்று.

லாபம் 16,800 பக்கம் வருகிறது, செஸ்ஸோடு வரி 2,187. அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். மீதி பணம் வந்ததும் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகும். பிப்ரவரி 5 முதல் மாதம் 5,000 இண்டெக்ஸிலும் 3,000 டெப்ட்டிலும் எஸ்ஐபி. தங்கத்துக்கு இந்த வருஷம் இல்லை.

வைகறை, உங்கள் 25 சதவீதத்தைப் பற்றி வீட்டிலும் பேசினோம். மனைவி உங்கள் பக்கம். அவளுடைய நகை எட்டு சவரன் தனியாக இருப்பதால் நான் 15இலேயே நிற்கிறேன், இப்போதைக்கு.

---

வைகறை | 19 ஜனவரி 2026

நான் விற்றிருக்க மாட்டேன். என் சேமிப்பில் தங்கம் 28 சதவீதம் இருக்கிறது, அப்படியே வைத்திருக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதி வைத்ததைச் செய்தீர்கள், அதில் எனக்கு மறுப்பில்லை.

---

பேரேடு | 20 ஜனவரி 2026

நன்றாகச் செய்தீர்கள் தம்பி. இரண்டு சின்ன வேலை பாக்கி. கம்பெனியில் இந்த லாபத்தைச் சொல்லிவிட்டால் மார்ச் சம்பளத்துக்குள் வரியைப் பிடித்துக்கொள்வார்கள், ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பணம் தேட வேண்டியிருக்காது. இன்னொன்று, 2024இல் 75,000 போட்டதற்கான ஸ்டேட்மெண்டையும் நேற்றைய விற்பனை ஸ்டேட்மெண்டையும் அந்த நோட்டோடு சேர்த்து வையுங்கள். மீதித் தங்கத்தில் உங்கள் முதல் இனி 75,000 இல்லை, சுமார் 60,800தான். அடுத்த தடவை விற்கும்போது அந்த எண்ணிலிருந்துதான் லாபத்தைக் கணக்கிட வேண்டும், பலர் இதில்தான் தவறுகிறார்கள்.